படத்தை வைத்துப் பொருளைத் தேடும்போது வழி தவறினால்: பெயர் தெரியாத ஒரு பாகத்தைக் கண்டுபிடித்த கதையும் முறையும்

வாஷ்பேசின் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது. ஒற்றைக் கைப்பிடிக் குழாய் அது. கைப்பிடியைத் தூக்கினால் தண்ணீர் வரும், ஒரு பக்கம் திருப்பினால் சுடுநீர், மறுபக்கம் திருப்பினால் குளிர்ந்த நீர். கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருந்த பெரிய வளைய நட்டையும் கழற்றினால், கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் உருளை ஒன்று கையோடு வந்தது. மேலே சதுரமான ஒரு தண்டு, அடியில் ரப்பர் வளையம் போட்ட மூன்று ஓட்டைகள். பழுது இதில்தான் என்று புரிந்தது. ஆனால் இதன் பெயர் என்ன? பெயர் தெரியாமல் எதைக் கேட்டு வாங்குவது?

போனில் படம் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டேன். அதிலிருந்து சரியான பாகம் கைக்கு வரும்வரை நடந்த ஒவ்வொரு தவறும் எனக்கு மட்டும் நேர்வதில்லை. மிக்ஸியின் உதிரிப் பாகமோ, அலமாரிக் கீலோ, பழைய கருவியின் குமிழோ, எதைத் தேடினாலும் இதே இடங்களில்தான் சறுக்கும். அதனால் என்ன அறிகுறி தெரிந்தால் எங்கே பிழை, என்ன செய்யலாம் என்ற வரிசையில் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் இந்த உருளைதான் உதாரணம்.

அறிகுறி: பொருளைத் தவிர மற்றதெல்லாம் வருகிறது

முதல் படத்தைப் பூப்போட்ட மேசைவிரிப்பின் மேல் வைத்து எடுத்தேன். முடிவில் வந்தவை எல்லாம் மேசைவிரிப்புகள். கையில் பிடித்து எடுத்தால் மோதிரமும் நகப்பூச்சும் வந்தன.

படத் தேடலுக்கு நாம் எதைக் கேட்கிறோம் என்று தெரியாது. படத்தில் எது அதிக இடத்தை அடைத்திருக்கிறதோ, எதில் நிறமும் வடிவமும் தூக்கலாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் படம் எடுத்த விதத்தைச் சரிசெய்ய வேண்டும். வெள்ளைப் பொருளுக்குக் கறுப்போ கருநீலமோ பூசிய, பளபளப்பில்லாத காகிதம் பின்னணியாக நல்லது. கறுப்புப் பொருளுக்கு வெள்ளைத் தாள். குரோம் பூசியதென்றால் அறையே அதில் பிரதிபலிக்கும். ஒரு வெள்ளைத் தாளை வளைத்துக் கூடாரம் போல அதன் பக்கத்தில் நிறுத்தினால் அந்தக் கோடுகள் மறைந்துவிடும்.

லென்ஸில் படம் திறந்ததும் அதைச் சுற்றி ஒரு சட்டம் தெரியும். அதன் நான்கு மூலைகளையும் விரலால் இழுக்கலாம். பலர் இதைத் தொடுவதே இல்லை. அதே படத்தில் சட்டத்தை முழு உருளையைச் சுற்றி வைத்தபோது உப்புக்குடுவையும் சதுரங்கக் காயும் வந்தன. சட்டத்தைச் சுருக்கி அடிப்பகுதியின் மூன்று ஓட்டைகளை மட்டும் உள்ளே விட்டதும் குழாய்ப் பாகங்கள் வர ஆரம்பித்தன. படத்தை மாற்றவே இல்லை, சட்டத்தை மட்டும்தான் மாற்றினேன்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. பொருளின் எந்த முகம் மற்ற பொருள்களிடம் இருக்காதோ அந்த முகத்தைக் காட்ட வேண்டும். உருளை என்ற வடிவம் உலகத்தில் ஆயிரம் பொருளுக்கு உண்டு. இரண்டு ஓட்டை ஒரு பக்கம், கொஞ்சம் பெரிய மூன்றாவது ஓட்டை எதிர்ப்பக்கம், பக்கத்தில் இரண்டு சிறிய முளைகள் என்ற அமைப்பு அப்படியில்லை. அழகான கோணத்தில் எடுத்த ஒரே படத்தை விட மேல், பக்கம், அடி என்று நேராக எடுத்த மூன்று சாதாரணப் படங்கள் அதிகம் உதவும்.

அறிகுறி: இனம் தெரிகிறது, பெயர் மட்டும் சிதறுகிறது

இப்போது முடிவுகளில் குழாய்ப் பாகங்கள் இருக்கின்றன. ஆனால் ஒன்றின் கீழே வால்வு என்றும், இன்னொன்றின் கீழே ஸ்பூல் என்றும், வேறொன்றில் தெரியாத மொழியில் ஏதோ என்றும் எழுதியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் எந்தப் பொருளையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. இங்கே தேவை ஒரு சொல் மட்டும்தான்.

முதல் இருபது முப்பது முடிவுகளின் தலைப்புகளை வரிசையாகப் படியுங்கள். படத்தைப் பார்க்காதீர்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். எனக்குக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த சொல் கார்ட்ரிட்ஜ். உள்ளே இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நீரைத் திறந்து மூடுகின்றன, அதனால் செராமிக் கார்ட்ரிட்ஜ். பெயர் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்தச் சொல்லை மட்டும் எழுதித் தேடினால் பிரிண்டரின் மைக்குப்பியும், தண்ணீர் வடிகட்டியும், துப்பாக்கித் தோட்டாவும் வரும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். வேண்டாதவற்றைக் கழித்தல் குறியால் ஒதுக்க வேண்டும். குழாய்க்கு பிரிட்டிஷ் வழக்கில் ஒரு சொல், அமெரிக்க வழக்கில் வேறு சொல் என்பதால் இரண்டையும் தனித்தனியாக முயல்வது நல்லது:

```
ceramic mixer tap cartridge -ink -printer -filter
single lever faucet cartridge -ink -printer -filter
```

கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. விட்டால் அது ஒதுக்காது.

லென்ஸில் படத்தைப் போட்ட பிறகு அதன் கூடவே சொல்லைச் சேர்க்கவும் வழி உண்டு. முடிவுப் பக்கத்தின் தேடல் பெட்டியில் `Add to your search` என்று இருக்கும் இடத்தில் எழுதலாம். அடிப்பகுதிப் படத்தோடு `mixer cartridge` என்று சேர்த்தபோது சதுரங்கக் காய்கள் ஒன்றுகூட வரவில்லை. படம் மட்டும், சொல் மட்டும் என்று தேடுவதை விட இரண்டும் சேர்ந்தால் கூர்மை பல மடங்கு கூடுகிறது. பெயரைக் கண்டுபிடித்த கையோடு இதைச் செய்துவிடுங்கள்.

அறிகுறி: பொருளின் மேல் உள்ள எழுத்தைத் தேடினால் சம்பந்தமில்லாதது வருகிறது

பெயர் கிடைத்த உற்சாகத்தில் உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் `>POM<` என்று பதிந்திருந்தது. ஆஹா, மாடல் எண் என்று நினைத்துத் தேடினால் பஞ்சுப்பொதி மாதிரி நாய்க்குட்டிகள் வரிசைகட்டி வந்தன.

முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் இருக்கும் எழுத்து மாடல் எண் அல்ல. அது பிளாஸ்டிக்கின் வகை. மறுசுழற்சிக்குப் பிரிப்பவருக்காகப் போடுவது. `>PA66-GF30<` என்று இருந்தால் கண்ணாடி இழை முப்பது சதவீதம் கலந்த நைலான் என்று பொருள், அவ்வளவுதான். லட்சம் விதமான பாகங்களில் இதே எழுத்து இருக்கும். இதேபோல ஏமாற்றும் இன்னொன்று, சின்ன வட்டத்துக்குள் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி, இரண்டு இலக்கம். அது வார்த்த மாதமும் வருடமும். தனியாக நிற்கும் ஓர் ஒற்றை எண், அச்சில் எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதைக் காட்டுவதாகவே பெரும்பாலும் இருக்கும். இவற்றைத் தேடலில் போட்டால் நேரம்தான் போகும். ஆனால் வருடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வருடத்துக்கு அப்புறம் வந்த மாடல்களை ஒதுக்க உதவும்.

உண்மையில் உதவுவது தயாரிப்பாளரின் முத்திரையும் நீண்ட எண்ணும்தான். இங்கேயும் ஒரு குழப்பம் உண்டு. குழாயின் வெளியே இருக்கும் பிராண்டு பெயர் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜில் இருக்காமல் போகலாம். கார்ட்ரிட்ஜ் மட்டுமே செய்கிற நிறுவனங்கள் தனியாக உண்டு, ஹங்கேரியின் கெராக்ஸ், ஸ்பெயினின் செடால் போல. பல குழாய் நிறுவனங்கள் இப்படிப்பட்டவர்களிடம் வாங்கிப் பொருத்துகின்றன. குழாயின் பிராண்டோடு தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே இருப்பவரின் பெயரில் தேட வேண்டும் என்று அர்த்தம்.

பதித்த எழுத்து பிளாஸ்டிக்கின் நிறத்திலேயே இருப்பதால் கேமரா பிடிக்காது. மேலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் நிழலே விழாமல் எழுத்து மொத்தமாக மறைந்துவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பொருளின் பக்கத்தில் மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து வெளிச்சம் அடியுங்கள். எழுத்தின் விளிம்பில் நிழல் எழும்பும். அப்படியும் தெரியாவிட்டால் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து விரலால் துடையுங்கள், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். எனக்கு டார்ச் வெளிச்சம் சரிப்படவில்லை, பொருளே வெள்ளை என்பதால் சாக்பீஸ் பொடியும் உதவவில்லை. மெல்லிய தாளை எழுத்தின் மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தேன், நாணயத்தை வைத்து சிறுவயதில் செய்வோமே, அதேதான். தாளில் எழுத்து சுத்தமாக இறங்கியது. அந்தத் தாளைப் படம் எடுத்து லென்ஸிடம் கொடுத்தால் எழுத்தை அழகாகப் படித்துவிடும்.

படித்ததை அப்படியே நம்ப வேண்டாம். சுழியமும் ஓ எழுத்தும், எட்டும் பி எழுத்தும், ஐந்தும் எஸ் எழுத்தும் மாறிப்போகும். மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடும்போது ஓர் எழுத்து தவறினாலும் ஒன்றுமே வராது. முதலில் மேற்கோள் குறி இல்லாமல் தேடுங்கள், அப்புறம் சந்தேகமான எழுத்தை மாற்றி மாற்றி, கடைசியில்தான் மேற்கோள் குறி.

என் உருளையில் இருந்தது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும் எழுத்து மட்டும்தான், தயாரிப்பாளரின் முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. அதனால் அளவை வைத்துத்தான் போக வேண்டியிருந்தது. அங்கேதான் பெரிய அடி விழுந்தது.

அறிகுறி: அச்சு அசல் அதே பொருள், ஆனால் வாங்கிய பின் பொருந்தவில்லை

இந்த அறிகுறிதான் மிகவும் மோசமானது. மற்ற எல்லாவற்றிலும் தேடல் தவறியது உடனே தெரிந்துவிடும். இதில் தேடல் வெற்றி பெற்ற மாதிரியே இருக்கும்.

படத்துக்கு அளவு கிடையாது. ஒற்றைக் கைப்பிடிக் குழாய்க் கார்ட்ரிட்ஜ்களில் 25, 35, 40 மில்லிமீட்டர் விட்டங்கள் அதிகம் காணப்படுபவை. 35-ஐயும் 40-ஐயும் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். படத் தேடல் இரண்டையும் ஒரே வரிசையில்தான் காட்டும், அதைக் குறை சொல்ல முடியாது. விட்டத்தைப் பொருளிலிருந்து நாம்தான் எடுக்க வேண்டும்.

நான் எடுத்தேன், தவறாக. பொருளை மேசையில் நிற்க வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்தேன். படத்தில் உருளையின் விளிம்பை ஸ்கேலோடு ஒப்பிட்டால் 39 மில்லிமீட்டர் என்று காட்டியது. சரி, 40 ஆகத்தான் இருக்கும் என்று 40 வரவழைத்தேன். குழாயின் குழிக்குள் அது இறங்கவே மறுத்தது.

என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்கேல் மேசையோடு படுத்திருந்தது. ஆனால் படத்தில் தெரிந்த உருளையின் மேல் விளிம்பு மேசையிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. போனைப் பிடித்திருந்தது மேசையிலிருந்து 30 சென்டிமீட்டரில். ஆக, விளிம்பு கேமராவுக்கு 27 சென்டிமீட்டரில், ஸ்கேல் 30 சென்டிமீட்டரில். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். முப்பதை இருபத்தேழால் வகுத்தால் 1.11. முப்பத்தைந்தை அதால் பெருக்கினால் 38.9. படம் பொய் சொல்லவில்லை, நான் ஸ்கேலைத் தவறான உயரத்தில் வைத்துவிட்டேன்.

இதற்கு இரண்டு திருத்தங்கள் உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். அளக்கும் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்துக்கு ஸ்கேலைத் தூக்கி வையுங்கள், கீழே தீப்பெட்டியோ புத்தகமோ கொடுத்து. போனைக் கிட்டே கொண்டுபோகாமல் ஒரு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். ஒரு மீட்டர் தள்ளிப் போனால், அதே 3 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் மூன்று சதவீதப் பிழையைத்தான் தரும். 35 என்பது 36 ஆகத் தெரியும், 40 என்று யாரும் ஏமாற மாட்டார்கள்.

பொருள் கையிலேயே இருக்கிறதென்றால் இவ்வளவும் வேண்டாம். வெர்னியர் காலிப்பர் இல்லாதவர்களுக்கு ஒரு காகிதப் பட்டை போதும். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் காகிதத்தைக் கிழித்து, உருளையின் உடம்பைச் சுற்றி இறுக்கி, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறித்து, பட்டையை விரித்து ஸ்கேலில் அளக்க வேண்டும். 35 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் பட்டை 110 மில்லிமீட்டர் நீளம் வரும், 40-க்கு கிட்டத்தட்ட 126. விட்டத்தில் வெறும் 5 மில்லிமீட்டராக இருந்த வித்தியாசம் பட்டையில் 16 மில்லிமீட்டராக விரிகிறது. பள்ளிக்கூட ஸ்கேலில்கூடப் பிழை விடவே முடியாது. பக்கத்தில் துருத்தியிருக்கும் காதுகளின் மேல் பட்டை ஏறாமல், உடம்பின் வழுவழுப்பான இடத்தில் சுற்ற வேண்டும் என்பது மட்டும் கவனம். எனக்கு வந்தது 110.

பொருளே கையில் இல்லை, யாரோ அனுப்பிய படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் அளவை விட்டுவிட்டு விகிதத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் நேராக எடுத்த படத்தில் மொத்த உயரத்தை அகலத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். பொருளைத் தூரத்தில் வைத்தாலும் கிட்டே வைத்தாலும் அந்த எண் மாறாது. என் உருளை தண்டு நுனிவரை 60 மில்லிமீட்டர் உயரம், 35 அகலம், விகிதம் 1.7. கடைப் படத்தில் இருந்த ஒன்றைத் திரையிலேயே ஸ்கேல் வைத்து அளந்தேன். உயரம் 70, அகலம் 50, விகிதம் 1.4. பார்வைக்கு அதே பொருள்தான், ஆனால் அது குட்டைத் தண்டுள்ள வேறு வகை. திரையில் தெரிந்தது உண்மையான அளவா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. சாய்வாக எடுத்த படத்தில் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது, சாய்ந்த திசையில் பொருள் குறுகிவிடும்.

இப்படி விகிதத்தால் மறுப்பது எளிது, ஒப்புக்கொள்வது கடினம். விகிதம் ஒத்துப்போகவில்லை என்றால் அது நிச்சயமாக உங்கள் பொருள் இல்லை. ஒத்துப்போனால், இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

அறிகுறி: ஒரே படம், பத்து விதமான விவரம்

35 என்று உறுதியான பிறகு தேடியபோது, ஒரே படம் ஒரு விற்பனைப் பக்கத்தில் 35 என்றும் இன்னொன்றில் 40 என்றும் இருந்தது. ஒன்றில் தட்டை அடி என்றது, மற்றொன்றில் கால் வைத்த அடி என்றது. எதை நம்புவது?

படத்தின் வெளிச்சம், நிழல் விழும் திசை, மூலையில் உள்ள சின்னக் கீறல் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் அவை இரண்டு பொருளின் இரண்டு படங்கள் இல்லை. ஒரே படத்தை இருவர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது.

இங்கே தேவைப்படுவது ஒத்த பொருளைத் தேடுவது இல்லை, அதே படத்தைத் தேடுவது. லென்ஸ் முடிவுகளில் `Exact matches` என்ற பகுதி அதற்குத்தான். இன்னும் நல்லது டின்ஐ என்ற தேடுதளம். அது பொருளை அடையாளம் காணாது, அதே கோப்பையோ அதை வெட்டியும் சுருக்கியும் செய்த பிரதிகளையோ மட்டும் பிடிக்கும். முடிவுகளை `Oldest` என்று வரிசைப்படுத்தினால் பழையது முதலில் வரும், `Biggest image` என்றால் பெரியது முதலில் வரும். பெரிய அளவிலான படம் மூலத்துக்குக் கிட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் சுருக்கித்தான் போடுவார்கள். அங்கே காட்டும் தேதி அந்தத் தளம் படத்தைக் கண்ட தேதி, படம் பிறந்த தேதி அல்ல. அதை வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள்.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது இரண்டு வகைப் படங்கள். ஒன்று, வாங்கியவர்கள் மதிப்புரையில் போடும் மங்கலான, அழுக்கு மேசைமேல் எடுத்த படங்கள். அவற்றில் உண்மையில் பெட்டியில் வந்தது எது என்று தெரியும். இரண்டாவது, அம்புக்குறிகளோடு அளவுகள் எழுதிய கோட்டோவியம். வண்ணப் படத்தை யாரும் எடுத்து ஒட்டலாம். ஓவியத்தில் எண் இருக்கிறது, எண்ணை நம் பொருளில் அளந்து சரிபார்க்கலாம். ஆகவே பெயர் தெரிந்த பிறகு இப்படித் தேடுங்கள்:

```
"35mm" mixer cartridge flat base dimensions drawing
```

படங்கள் பகுதியில் இதைப் பார்த்தால் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் கண்ணில் படும். அவற்றை மட்டும் திறந்தால் போதும்.

அறிகுறி: ஒன்றுமே கிடைக்கவில்லை

சில சமயம் பாகம் தனியாக எங்குமே விற்பனைக்கு இருக்காது, அதனால் அதன் படமும் இணையத்தில் இருக்காது. அப்போது பாகத்தை விட்டுவிட்டு, அது எதன் பாகமோ அந்த முழுப் பொருளைப் படம் எடுங்கள். முழுக் குழாயை யாராவது விற்றிருப்பார்கள், அதன் பெயர் கிடைத்தால் பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் தேடலாம். `exploded view` அல்லது `spare parts diagram` என்ற சொற்கள் அங்கே கைகொடுக்கும். வரைபடத்தில் நம் பாகத்துக்கு ஓர் எண் இருக்கும், அந்த எண்ணின் எதிரே அதன் குறியீடு இருக்கும்.

ஒரே தேடுதளத்தில் நின்றுவிடவும் வேண்டாம். லென்ஸ் தடுமாறிய படத்தை பிங்கிலும் யாண்டெக்ஸிலும் போட்டுப் பாருங்கள். அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்கள் வேறு, அதனால் முடிவும் வேறு. மூன்றிலும் ஒரே இனம் வந்தால் இனம் சரி. மூன்றும் மூன்று திசையில் போனால் படத்தில்தான் கோளாறு, திரும்ப எடுங்கள்.

எல்லாம் ஒத்துப்போனபின் ஒரு சோதனை

40 வாங்கி ஏமாந்தவன் என்பதால் இரண்டாவது முறை ஒரு வேலை கூடுதலாகச் செய்தேன். விட்டம் ஒன்றானாலும் அடி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தட்டை அடியா, கால் வைத்த அடியா என்பதோடு, ஓட்டைகளும் பொருத்தும் முளைகளும் எங்கே இருக்கின்றன என்பதும் ஒத்துப்போக வேண்டும். முளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் குழாயின் உள்ளே உட்காராது.

உருளையின் அடியைத் துடைத்து, ரப்பர் வளையங்களைக் கழற்றி வைத்துவிட்டு, முத்திரை குத்தும் மைப்பெட்டியில் அழுத்தி, கட்டம் போட்ட வரைபடத்தாளில் பதித்தேன். மூன்று ஓட்டையும் இரண்டு முளையும் உண்மையான அளவில் தாளில் நின்றன. கட்டத்தை எண்ணினேன், முளைக்கும் முளைக்கும் நடுவே எவ்வளவு, பெரிய ஓட்டையின் மையம் எங்கே என்று குறித்துக்கொண்டேன். விற்பவர் போட்டிருந்த கோட்டோவியத்தை அச்செடுத்து ஒப்பிடலாம் என்றால், அச்சுப்பொறி தாளுக்குத் தக்கபடி சுருக்கிவிடும். அமைப்பில் நூறு சதவீதம் என்று வைத்து அச்செடுத்து, அதிலுள்ள 35 என்ற கோட்டை முதலில் ஸ்கேலால் அளந்து பார்த்தேன், 35 தான். மைப்பதிவு இடவலம் மாறி விழும் என்பதால், அப்புறம்தான் அந்தத் தாளைத் திருப்பி அதன்மேல் வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

முதலில் தேர்ந்தெடுத்திருந்த பொருளின் ஓவியத்தில் முளைகள் என் பதிவை விடக் கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றன. இரண்டாவது ஓவியத்தில் முளையின் மேல் முளை, ஓட்டையின் மேல் ஓட்டை. அதைத்தான் வரவழைத்தேன். குழிக்குள் வைத்துச் சற்றுத் திருப்பியதும் முளைகள் தங்கள் பள்ளத்தில் இறங்கின. நட்டை இறுக்கி, மூடிவைத்திருந்த வால்வைத் திறந்து, குழாயின் வாயில் ஒரு காய்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றிக் கட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது.